சனிக்கிழமைக் குறிப்பேடும் ஒரு கற்றல் ஒப்பந்தமும்

முதுகலை வேதியியல் இறுதியாண்டு மாணவர்களுக்குக் கைடாக இருக்கிறேன். தலைப்பைத் தாங்களே தேர்ந்தெடுத்து, வேலையைத் தாங்களே திட்டமிட்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் கைடிடம் வரும் ப்ராஜெக்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிற பிள்ளைகள் வருடத்துக்கு ஓரிருவராவது இருப்பார்கள். அவர்களிடம் முதல் வாரமே இரண்டு விஷயங்களைக் கேட்பேன். ஒன்று, கற்றல் ஒப்பந்தம். இன்னொன்று, வாரம் தவறாமல் எழுதும் ஒரு குறிப்பேடு.

இதைப் பற்றி வேறு கல்லூரி நண்பர்களிடம் பேசினால் உடனே "ஃபார்மட் இருந்தால் அனுப்புங்களேன்" என்பார்கள். அனுப்பியும் பார்த்தேன். ஃபார்மட் போன இடத்தில் அது நிரப்பப்பட்டு, கையெழுத்தாகி, ஃபைலில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கட்டங்கள் எதற்காக இருக்கின்றன என்று தெரியாமல் நிரப்பினால் அப்படித்தான் ஆகும். அதனால் ஒரே ஒரு ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொண்டு, அதில் இந்த இரண்டும் என்ன வேலை செய்தன என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த மாணவிக்குச் சொந்த ஊர் தருமபுரி மாவட்டத்தில். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பது தெரிந்த விஷயம். பாறையில் இருக்கும் ஃபுளூரைடு தாதுக்கள் மெல்லக் கரைந்து தண்ணீரில் சேர்கின்றன. சிறு வயதிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படியும். அளவு மிக அதிகமாகி வருடக் கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். குடிநீருக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது. அவள் கேட்ட கேள்வி எளிமையானது. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள போர்வெல்களில் ஃபுளூரைடு எவ்வளவு இருக்கிறது, போர் ஆழமாகப் போகப் போக அது கூடுகிறதா?

நல்ல கேள்வி. நான்கு மாதத்தில் ஒரு ஆள் பதில் தேடக்கூடிய கேள்வியும்கூட.

கற்றல் ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டைப் பரவலாக்கியவர் மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர். பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதே அவர் வாழ்நாள் ஆராய்ச்சி. சுயமாகக் கற்பது பற்றி 1975-இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார்; 1986-இல் இந்த ஒப்பந்தங்களுக்கென்றே தனியாக ஒன்று. அவர் சொன்ன கட்டங்கள் ஐந்து: என்ன கற்கப் போகிறேன், எதைக் கொண்டு எப்படிக் கற்பேன், எப்போதைக்குள், கற்றுவிட்டேன் என்பதற்குச் சான்று என்ன, அந்தச் சான்றை யார் எந்த அளவுகோலால் சரிபார்ப்பார்கள். முதல் மூன்று கட்டங்களை எல்லோரும் அழகாக நிரப்பிவிடுவார்கள். ஒப்பந்தத்தின் உயிர் இருப்பது கடைசி இரண்டில்.

அவள் முதலில் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இப்படி இருந்தது. கற்பது: ஃபுளூரைடு அளவிடும் முறை. வழி: ஆய்வுக் கட்டுரைகள், லேப். தேதி: பிப்ரவரி இறுதி. சான்று: ப்ராஜெக்ட் அறிக்கை. சரிபார்ப்பவர்: கைடு.

"பிப்ரவரி 28-ஆம் தேதி காலையில் நீ என் முன்னால் வந்து நிற்கிறாய். உனக்கு ஃபுளூரைடு அளக்கத் தெரிந்துவிட்டது என்று நான் எதை வைத்து நம்புவது?" என்று கேட்டேன்.

"ரீடிங் எல்லாம் காட்டுவேன் மேடம்."

"ரீடிங் மெஷின் கொடுக்கும் அம்மா. அது சரியான ரீடிங் என்று எப்படித் தெரியும்?"

யோசித்துவிட்டு மறுநாள் வந்தாள். இந்த ஒரு வரியை மட்டும் எழுதி எழுதி அடித்தோம். அந்த வாரத்தில் அதைவிட முக்கியமான வேலை வேறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் லேபில் இருப்பது ஸ்பாட்ன்ஸ் முறை. சிர்கோனியமும் ஸ்பாட்ன்ஸ் சாயமும் சேர்ந்த சிவப்புக் கரைசலைத் தண்ணீரில் சேர்ப்போம். தண்ணீரில் ஃபுளூரைடு இருந்தால் அது சிர்கோனியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், நிறம் வெளுக்கும். எவ்வளவு வெளுத்தது என்பதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 570 நானோமீட்டரில் பார்த்து, தெரிந்த அளவுள்ள கரைசல்களோடு ஒப்பிட்டு அளவைச் சொல்வோம். அந்தத் தெரிந்த கரைசல்களை அவளேதான் தயாரிக்க வேண்டும். 221 மில்லிகிராம் சோடியம் ஃபுளூரைடை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளூரைடு கொண்ட மூலக் கரைசல் கிடைக்கும்; அதிலிருந்து படிப்படியாக நீர்த்துக்கொண்டு போக வேண்டும்.

கடைசியில் அந்த வரி இப்படி ஆனது. சான்று: லேப் அசிஸ்டன்ட் மூன்று கரைசல்களை அளவு சொல்லாமல் தயாரித்துக் கொடுப்பார். அளவை ஒரு உறைக்குள் எழுதி ஒட்டி என்னிடம் தருவார். அவள் அளந்து எழுதிய பிறகு உறையைப் பிரிப்போம். அளவுகோல்: மூன்றுமே உண்மை அளவிலிருந்து 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொண்டாள். ஊரிலிருந்து கொண்டுவரும் தண்ணீரில் பத்தில் ஒன்றுக்கு, தெரிந்த அளவு ஃபுளூரைடைக் கூடுதலாகச் சேர்த்து அளப்பாள். சேர்த்ததில் 90 முதல் 110 சதவீதம் வரை திரும்பக் கிடைத்தால்தான் அந்தத் தண்ணீரில் முறை ஒழுங்காக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வாள்.

இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் தோற்கவே முடியாது. அறிக்கை எப்படியும் வந்துவிடும். இரண்டாவதில் தோற்க முடியும். தோற்க முடிகிற வரிதான் பிப்ரவரியில் அவளை எழுப்பி வேலை செய்ய வைக்கும். ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இதில் எந்த வரியில் இந்தப் பெண் தோற்க வாய்ப்பிருக்கிறது? எதிலும் இல்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "40 போர்வெல் மாதிரிகள் சேகரிப்பேன்" என்று எழுதுவார்கள். அது வேலை. கற்றல் அல்ல. வேலைத் திட்டத்துக்குத் தனித் தாள் வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் வர வேண்டியது, அந்த 40 மாதிரிகளைச் சேகரிக்க அவளுக்கு இன்னும் என்ன தெரியவில்லை என்பது. அவளுக்குப் பாட்டில் தெரியும். ஃபுளூரைடு மாதிரியைக் கண்ணாடியில் வைக்காமல் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்க வேண்டும் என்று படித்திருந்தாள். தெரியாதது ஆழம். போர் எத்தனை அடி என்று வீட்டுக்காரரைக் கேட்டால் "ஒரு அறுநூறு, எழுநூறு இருக்கும்" என்பார். ஆழத்தோடு ஃபுளூரைடு கூடுகிறதா என்பதே கேள்வியாக இருக்கும்போது, அந்த ஆழமே ஒருவரின் ஞாபகத்தில் நிற்கிறது. அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தது: ஆழத்தை நம்பகமாகக் கேட்டு வாங்கக் கற்பது. வழியை அவளே கண்டுபிடித்தாள். போர் போடும் வண்டிக்காரர்கள் அடிக்குக் கணக்குப் போட்டுத்தான் காசு வாங்குகிறார்கள், ஆகவே பில்லில் அடிக்கணக்கு இருக்கும். பில் இருக்கும் கிணறுகள் ஒரு பட்டியல், ஞாபகக் கணக்கு இன்னொரு பட்டியல். சான்று, பில்லின் புகைப்படம். ஊர்க்காரப் பெண்ணுக்குத்தான் இது தோன்றும். எனக்குத் தோன்றியிருக்காது.

ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கம் வேண்டும். கைடின் பக்கத்தையும் எழுதச் சொல்வேன். என் பக்கத்தில் மூன்றே வாக்குறுதிகள். எழுதிக் கொடுத்ததை மூன்று வேலை நாளுக்குள் படித்துத் தருவேன். பாதுகாப்பு விஷயம் தவிர, அவள் கேட்காமல் முறையை மாற்றச் சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் இல்லாத வேலையை நடுவில் திணிக்க மாட்டேன். மூன்றாவதைக் காப்பாற்றுவதுதான் கைடுகளுக்குக் கடினம். நல்ல மாணவி கிடைத்தால் "அப்படியே இரும்பும் பார்த்துவிடேன்" என்று வாய் வந்துவிடும்.

கடைசியாக, அடியில் திருத்தங்களுக்கென்று கால் பக்கம் காலியாக விட வேண்டும். பழைய வரி, புதிய வரி, காரணம், தேதி, இரண்டு கையெழுத்து. இந்த இடம் செமஸ்டர் முடிவிலும் காலியாகவே இருந்தால், ஒப்பந்தத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். எந்த ஆராய்ச்சியும் ஜனவரியில் போட்ட திட்டப்படியே ஏப்ரலுக்கு வந்து சேராது. அந்தத் திருத்தங்களுக்குக் காரணத்தைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் குறிப்பேட்டின் வேலை.

குறிப்பேட்டை லேப் நோட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எடை, ரீடிங், வெப்பநிலை, நேரம் எல்லாம் நடக்கும்போதே லேப் நோட்டில் ஏற வேண்டும். குறிப்பேடு வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை மாலை, அரை மணி நேரம். எண்களைப் பற்றி என்ன நினைத்தோம், என்ன முடிவெடுத்தோம் என்பது அதில் வரும். டைரியும் அல்ல. மனசு சரியில்லை என்று எழுதக் கூடாதா என்று கேட்பார்கள். எழுதலாம், அது வேலையைத் தொடும் இடத்தில். செவ்வாய்க்கிழமை எரிச்சலில் டூப்ளிகேட் எடுக்காமல் விட்டேன் என்றால் அந்த எரிச்சல் ஆராய்ச்சிக்குள் வந்துவிட்டது, எழுதத்தான் வேண்டும்.

நான் கொடுக்கும் கேள்விகள் நான்கு. எளிமையாகத்தான் இருக்கும். இந்த வாரம் எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று ஆன ஓர் இடத்தை, நாள், பாட்டில் எண், ரீடிங்கோடு எழுது. அதற்கு நீ நினைக்கும் காரணம் என்ன, வேறு என்ன காரணம் இருக்கலாம், இரண்டையும் பிரித்துக் காட்ட எந்தச் சோதனை போதும்? ஒப்பந்தத்தில் எந்த வரி நகர்ந்தது, எந்த வரி மாற வேண்டும்? அடுத்த வாரம் என்ன வேலை, எந்த நாள், எங்கே, எத்தனை மணி நேரம் பிடிக்கும், சென்ற வாரம் போட்ட மணிக்கணக்கு எவ்வளவு, உண்மையில் பிடித்தது எவ்வளவு?

"இந்த வாரம் என்ன கற்றேன்?" என்ற கேள்வியை நான் கேட்பதில்லை. அதைக் கேட்டால் "நேர மேலாண்மையின் அவசியத்தைக் கற்றுக்கொண்டேன்" என்ற பதில் வரும். எல்லோருக்கும் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அவளுடைய குறிப்பேட்டின் ஆரம்பப் பக்கம் ஒன்று ஏறக்குறைய இப்படி இருந்தது: முதல் தொகுதி மாதிரிகளை அளந்தேன். ஸ்டாண்டர்டு கர்வ் நன்றாக வந்தது. எல்லாக் கிணற்றிலும் ஃபுளூரைடு 1.5-ஐத் தாண்டியுள்ளது. சில இடங்களில் சிரமம் இருந்தது, பிறகு சரியானது. இந்த வாரம் திருப்திகரம்.

நான் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன். எல்லாக் கிணற்றிலும் என்றால், எவ்வளவு எவ்வளவு?

அடுத்த சனிக்கிழமைப் பக்கத்தை அவள் அனுமதியோடு சுருக்கித் தருகிறேன். 'ரீடிங்குகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1.62, 1.68, 1.65, 1.70, 1.66. 300 அடிக் கிணறும் 900 அடிக் கிணறும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றன. நான் எதிர்பார்த்தது ஆழத்தோடு கூடும் என்று. முதலில், ஆழத்துக்கும் ஃபுளூரைடுக்கும் தொடர்பில்லை என்று எழுதலாமென நினைத்தேன். வேறு காரணம் என்ன இருக்கலாம் என்று யோசித்தால் இரண்டு தோன்றுகின்றன. ஒன்று, எல்லாப் போரும் ஒரே பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் எடுக்கலாம். இரண்டு, என் முறை இதற்கு மேல் காட்டவில்லையோ? என் ஸ்டாண்டர்டுகள் 1.4 வரைதான். அதற்கு மேல் கோடு எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியாது. சோதனை: 900 அடி மாதிரியைச் சரிபாதி காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மறுபடி அளக்க வேண்டும். உண்மையிலேயே 1.7 என்றால் 0.85 வர வேண்டும்.'

திங்கட்கிழமை அளந்தாள். 0.85 வரவில்லை. 1.28 வந்தது. அதாவது அந்தத் தண்ணீரில் இருப்பது 2.5-க்கும் மேலே.

ஸ்பாட்ன்ஸ் முறைக்கு லிட்டருக்கு சுமார் 1.4 மில்லிகிராம் வரைதான் நம்பகமான எல்லை. அதற்கு மேலே போனால் வெளுப்பதற்குச் சாயத்தில் மிச்சம் குறைந்துகொண்டே வரும். 2 இருந்தாலும் 3 இருந்தாலும் ரீடிங் ஒரே இடத்தில் நெருங்கிக் கிடக்கும். பாடப் புத்தகத்தில் "அளவு மீறினால் நீர்க்கவும்" என்று அரை வரியில் இருக்கிறது. அவளும் அதைப் படித்திருந்தாள். ஆனால் தன் கையில் இருக்கும் ஐந்து எண்கள் அந்த அரை வரியைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது, இரண்டாவது காரணம் ஒன்றை எழுதியே ஆக வேண்டும் என்று கேள்வி கேட்ட பிறகுதான் தெரிந்தது. முதல் பக்கம் எழுதிய நிலையிலேயே போயிருந்தால், ஆழத்துக்கும் ஃபுளூரைடுக்கும் தொடர்பில்லை என்ற தவறான முடிவு அறிக்கையில் அச்சாகியிருக்கும். படம்கூட அழகாக இருந்திருக்கும்.

நாங்கள் அளவு சொல்லாமல் கொடுத்த மூன்று கரைசல்களில் அவள் இதற்கு முன்பே தேறியிருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றும் 1.4-க்குள் இருந்தவை. ஆக ஒப்பந்தத்தின் சான்று தப்பில்லை, போதவில்லை. திருத்தக் கட்டத்தில் முதல் திருத்தம் ஏறியது: எல்லையைத் தாண்டிய கரைசல் ஒன்றையும் அளவு சொல்லாமல் கொடுக்க வேண்டும், அது தாண்டியது என்பதை அவளே கண்டுபிடிக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் குறிப்பேட்டின் பக்க எண்ணை எழுதினாள். குறிப்பேடும் ஒப்பந்தமும் ஒன்றையொன்று தொடுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

கல்வி ஆராய்ச்சியில் ஹாட்டன், ஸ்மித் என்ற இருவர் 1995-இல், ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் எழுதிய குறிப்புகளைத் தரம் பிரித்தார்கள். வெறும் விவரணை, காரணம் சொல்லும் விவரணை, தன்னோடு தானே வாதாடும் எழுத்து, அதற்கும் மேலே தன் சூழலையே கேள்வி கேட்கும் எழுத்து என்று போகும். அவள் முதல் பக்கம் முதல் தரம். இரண்டாவது பக்கம் மூன்றாவது தரம். ஒரே வாரத்தில் அவள் வேறு ஆளாகிவிடவில்லை. ஐந்து எண்களை எழுதினாள், இன்னொரு காரணத்தைத் தேடினாள், அவ்வளவுதான். பிள்ளைகளிடம் "ஆழமாகச் சிந்தித்து எழுது" என்று சொல்வதால் ஒன்றும் வருவதில்லை. எண்ணைக் கேளுங்கள், இரண்டாவது காரணத்தைக் கேளுங்கள்.

எல்லா வாரமும் இப்படி விஷயம் கிடைத்துவிடாது. "எதிர்பார்த்ததுதான் கிடைத்தது" என்று மூன்று வாரம் தொடர்ந்து வந்தால் நான் சந்தேகப்படுவேன். பெரும்பாலும் எதிர்பார்ப்பை அளந்த பிறகு எழுதியிருப்பார்கள். முடிவு தெரிந்த பிறகு, அதைத்தான் எதிர்பார்த்தோம் என்று மனம் நமக்கே சொல்லிவிடும். அதனால் மாதிரி எடுக்கக் கிளம்புவதற்கு முன்பே, எந்தக் கிணற்றில் எவ்வளவு இருக்கும் என்று குத்துமதிப்பாக எழுதி வைத்துவிட்டுப் போகச் சொல்வேன். தப்பாக இருந்தால் பரவாயில்லை. எழுதியது இருந்தால்தான் தப்பு தெரியும்.

அப்படி எழுதி வைத்ததால்தான் இன்னொன்றும் பிடிபட்டது. ஒப்பிட்டுப் பார்க்கத் தெருக்குழாயில் வரும் காவிரித் தண்ணீரையும் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். அரைக்கும் கீழே இருக்கும் என்று எழுதியிருந்தாள்; ரீடிங் ஒன்றைத் தாண்டிக் காட்டியது. அந்த எதிர்பார்ப்பு காகிதத்தில் இல்லாமல் இருந்தால், குழாய்த் தண்ணீரிலும் ஃபுளூரைடு என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கலாம். இரண்டாவது காரணத்தைத் தேடியபோது விடை கிடைத்தது. குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கக் குளோரின் கலந்திருக்கிறது. குளோரினும் சாயத்தை வெளுக்கும். வெளுத்தது யாரால் என்று மெஷினுக்குத் தெரியாது. சோடியம் ஆர்சனைட் ஒரு சொட்டு விட்டுக் குளோரினைப் போக்கிய பிறகு அளந்தால் ரீடிங் இறங்கிவிட்டது. ஆர்சனைட் விஷம் என்பதால் அந்த ஒரு வேலையை மட்டும் நான் பக்கத்தில் நிற்கும்போதுதான் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம்.

இனி நான்காவது கேள்வி, மணிக்கணக்கு. பிள்ளைகள் இதைத்தான் அவசரமாக நிரப்புவார்கள். ஆனால் செமஸ்டரைக் காப்பாற்றுவது இதுதான். 1994-இல் புஹ்லர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் கனடாவில் இறுதியாண்டு மாணவர்களிடமே, அவர்களின் ஆய்வறிக்கை எத்தனை நாளில் முடியும் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள், 48.6 என்றார்கள். உண்மையில் பிடித்தது சராசரியாக 55.5 நாள். மோசமான கணக்கையும் தாண்டிவிட்டது. சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, அதே தொடரில் அவர்கள் செய்த இன்னொரு சோதனை. பழைய வேலைகள் எவ்வளவு இழுத்தன என்று நினைத்துப் பார்க்கச் சொன்னால் மட்டும் கணக்கு திருந்தவில்லை. அந்தப் பழைய அனுபவத்தை இப்போதைய வேலையோடு சேர்த்துவைத்து, அதேபோல் இதுவும் எப்படிப் போகும் என்று எழுதச் சொன்னபோதுதான் மதிப்பீடு உண்மைக்குப் பக்கத்தில் வந்தது. என் கேள்வியில் சென்ற வாரத்தின் இரண்டு எண்களும் அடுத்த வாரத்தின் எண்ணும் ஒரே வரியில் இருப்பதற்குக் காரணம் அதுதான். தனித்தனியாகக் கேட்டால் பயனில்லை.

அவள் கணக்கில் பத்து மாதிரிக்கு நான்கு மணி நேரம் என்று தொடங்கியது. நீர்த்து அளப்பது, டூப்ளிகேட், சேர்த்துத் திரும்ப எடுக்கும் சோதனை எல்லாம் சேர்ந்தபோது எட்டு மணி நேரம் ஓடியது. இரண்டு வாரம் தொடர்ந்து அந்த வரியில் நான்குக்கு எட்டு என்று வந்ததும் அவளே வந்தாள். "40 கிணறு முடியாது மேடம். 18 வைத்துக்கொள்கிறேன். ஆனால் பில் இருக்கும் கிணறுகள் மட்டும்." இது பிப்ரவரி நடுவில். நான் எதுவும் சொல்லவில்லை. ஏப்ரலில் இதே பேச்சு வந்திருந்தால் அழுகையோடு வந்திருக்கும், 40 கிணற்றுக்கும் அரைகுறை ரீடிங்கோடு. எண்ணிக்கையைக் குறைத்ததால் கேள்வி பலவீனமாகவில்லை; ஆழம் உறுதியாகத் தெரிந்த 18 கிணறுகள், ஆழம் ஊகமான 40 கிணறுகளைவிட அவள் கேள்விக்கு நல்ல பதில் தரும். இரண்டாவது திருத்தமும் கையெழுத்தானது.

குறிப்பேட்டுக்கு மதிப்பெண் போடலாமா என்று கேட்கிறார்கள். எழுதினார்களா இல்லையா என்பதற்கு மட்டும் போடலாம். உள்ளே எழுதியதற்குப் போடாதீர்கள். போட்டால், சந்தேகங்களை மறைத்துவிட்டுக் கைடுக்குப் பிடித்த மாதிரி எழுதுவார்கள். 1.62, 1.68, 1.65 என்ற வரிசை மதிப்பெண்ணுக்காக எழுதும் பக்கத்தில் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். மதிப்பிட வேண்டியது ஒப்பந்தத்தின் சான்றுகளை. அதற்கு அளவுகோல் முதலிலேயே எழுதியிருக்கிறது. நான் குறிப்பேட்டில் எழுதுவது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஓரத்தில் ஒரு கேள்வி. பதில் எழுதுவதில்லை. எழுதினால் அடுத்த வாரம் முதல் அது எனக்கான கடிதமாகிவிடும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து செய்யும் ப்ராஜெக்ட்டில் இதை அப்படியே வைத்தால் வேலை செய்யாது. ஒரு பொது ஒப்பந்தம் போட்டால் தெரிந்தவர் செய்வார், மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அங்கே ஆளுக்கொரு ஒப்பந்தம் வேண்டும், அதுவும் ஒவ்வொருவருக்கும் இப்போது தெரியாத விஷயத்தில். குறிப்பேடும் தனித்தனிதான். நேரம் இல்லையென்றால் முதல் இரண்டு கேள்விகளை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் கடைசியில், எழுதும் வேலை தொடங்கும்போது, புதிய பக்கங்களை நிறுத்திவிட்டுப் பழையதை முதலிலிருந்து படிக்கச் சொல்வேன். அப்போது கேள்வி ஒன்றுதான்: எந்தப் பக்கத்தில் எடுத்த முடிவு இல்லாமல் இந்த அறிக்கையின் முடிவு மாறியிருக்கும்? அந்தப் பக்கங்களில் கொடி ஒட்டிக்கொள்ள வேண்டும். அவளுக்கு நான்கு பக்கங்கள் வந்தன. நீர்த்த கதை முறை பற்றிய அத்தியாயத்துக்குப் போனது. குளோரின் கதையும் அங்கேதான். பில் இருக்கும் கிணறு மட்டும் என்ற முடிவு மாதிரித் தேர்வு பற்றிய பத்திக்குப் போனது. நான்காவது, மழைக்கு முன்னும் பின்னும் அளக்க ஒரே செமஸ்டரில் வழியில்லை என்று ஜனவரியிலேயே எழுதியிருந்த பக்கம். அது வரம்புகள் என்ற தலைப்பின் கீழ் ஏறக்குறைய அப்படியே போனது.

வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, மாதிரிகளை ஏன் சரிபாதி நீர்த்தீர்கள், எல்லாவற்றையும் ஏன் நீர்க்கவில்லை என்பது. ஐந்து ரீடிங்குகளையும் சொல்லி, நீர்க்காமல் எது வந்தது, நீர்த்த பிறகு எது வந்தது, எந்த எல்லைக்கு மேல் நீர்ப்பது என்று எப்போது முடிவெடுத்தாள் என்று அவள் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அவர் குறிப்பேட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஆழத்துக்கான படத்துக்குப் போனார்.